ஒரே புதன்கிழமைக்கு இரண்டு நேர்முக அழைப்புகள்: யாருக்கு, எப்படி எழுதுவது?

கேள்வி: "அம்மா, நான் சுங்கை சிப்புட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். கெடாவில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில் கிராணி வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். திங்கட்கிழமை அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு அதிகாரி, அடுத்த புதன்கிழமை காலை 10 மணிக்கு ஈப்போ அலுவலகத்துக்கு நேரில் வரும்படி மின்னஞ்சல் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை இரவு, சுங்கைப் பட்டாணிப் பக்கம் இருக்கும் தோட்டத்தின் மானேஜர், அதே புதன்கிழமை காலை 10.30-க்குக் காணொளியில் நேர்முகம் என்று இணைப்பு அனுப்பியிருக்கிறார். ஒருவர் கடிதத்தில் மற்றவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. அப்பா, 'மானேஜர்தான் பெரியவர், அவர் சொன்னபடி செய்' என்கிறார். யாரிடம் கேட்டாலும் மற்றவர் தப்பாக நினைப்பாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன எழுதுவது?"

பதில்:

உங்கள் அப்பாவின் சொல்லில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது அனுபவத்தில் இருந்து வந்த சொல். பால்மரம் வெட்டிய காலத்துத் தோட்டங்களில் கிராணி ஒன்று சொல்லி, துரை வேறொன்று சொன்னால், பெரட்டில் நின்றவர்கள் துரை சொன்னதைத்தான் கேட்டார்கள். அப்படிக் கேட்டதில் தவறும் நேரவில்லை, ஏனென்றால் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் துரையின் கையில் இருந்தது. நேர்முகத் தேர்வில் நிலைமை வேறு. யாரை வேலைக்கு எடுப்பது என்பதில் மானேஜரின் சொல் மனிதவளப் பிரிவின் சொல்லைவிட வலிமையானதாக இருக்கலாம். ஆனால் எந்த நாள், எந்த நேரம், எந்த அறை என்பதை எழுதி வைத்திருப்பதும், நீங்கள் வந்தீர்களா வரவில்லையா என்று குறித்துக்கொள்வதும் பெரும்பாலும் மனிதவளப் பிரிவுதான். ஆகவே யார் பெரியவர் என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த இரண்டு மின்னஞ்சல்களும் எதைக் குறிக்கின்றன என்ற கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் மனிதவளப் பிரிவுகளில் நேர்முக அட்டவணைகளைத் தயாரித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி இரண்டு அழைப்புகள் வந்தால், அதற்குப் பின்னால் மூன்று நிலைமைகளுள் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். முதலாவது, இது ஒரே நேர்முகமாக இருக்கலாம். நீங்கள் ஈப்போவில் அமர்ந்திருக்க, முதல் அரை மணி நேரம் மனிதவள அதிகாரி பேசிய பிறகு, கெடாவில் இருக்கும் மானேஜர் 10.30-க்குத் திரை வழியாகச் சேர்ந்துகொள்வதாக அவர்கள் பேசி வைத்திருக்கலாம். அரை மணி நேர இடைவெளியைப் பார்க்கும்போது இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது, இவை இரண்டு தனித்தனிச் சுற்றுகளாக இருந்து, ஒருவர் வைத்த நேரம் மற்றவருக்குத் தெரியாமல் மோதியிருக்கலாம். மூன்றாவது, நேரில் நடக்கவிருந்த நேர்முகத்தை மானேஜர் காணொளிக்கு மாற்றிவிட்டு, அதை மனிதவளப் பிரிவுக்குச் சொல்ல மறந்திருக்கலாம், அல்லது அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணியிருக்கலாம். முதல் நிலைமையில் நீங்கள் ஈப்போவுக்குப் போயே ஆக வேண்டும். மூன்றாவதில் போகத் தேவையே இல்லை. இரண்டாவதில் ஒரு நேரம் மாறியாக வேண்டும். வீட்டில் இருந்தபடி ஊகித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அது மற்ற இரண்டுக்கும் பொருந்தாது.

எழுதுவதற்கு முன் இரண்டு மின்னஞ்சல்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, நான்கு இடங்களை மட்டும் பாருங்கள். பதவியின் பெயரும் விண்ணப்ப எண்ணும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கின்றனவா? பெறுநர் வரிசையில் உங்கள் முகவரியோடு வேறு யாருடைய முகவரியாவது இருக்கிறதா? மனிதவளப் பிரிவின் முகவரி மானேஜரின் மின்னஞ்சலில் நகலாக இருந்தால், அந்த அதிகாரிக்கு இது தெரியும் என்று பெரும்பாலும் கொள்ளலாம். நேர்முகம் எவ்வளவு நேரம் நடக்கும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? கடைசியாக, மானேஜர் அனுப்பியது நாட்காட்டி அழைப்பாக இருந்தால், அதன் தலைப்பில் Updated invitation என்பது போன்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே அனுப்பிய அழைப்பை அவர்கள் திருத்தியிருந்தால் அந்தச் சொல் வரும், உங்கள் நாட்காட்டியில் பழைய நேரம் தானாகவே நகர்ந்துவிடும். புதிதாக ஓர் அழைப்பை உருவாக்கி அனுப்பியிருந்தால் பழையதும் புதியதும் இரண்டும் அப்படியே நிற்கும். நிலைமை தெளிவாகும்வரை அந்த அழைப்புகளில் உள்ள Yes பொத்தானை அழுத்தாதீர்கள். அந்தச் சம்மதம் அழைப்பை உருவாக்கியவருக்கு மட்டும் போய்ச் சேரும். மற்றவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டிலும் அழுத்திவிட்டால் இருவருமே உங்களை எதிர்பார்த்து அமர்ந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், இதே போல இரண்டு அழைப்புகள் பெற்ற ஓர் இளைஞர், மரியாதையாக நடந்துகொள்வதாக எண்ணி இருவருக்கும் தனித்தனியே எழுதினார். துறைத் தலைவருக்கு எழுதியதில் "தங்களுக்கு வசதியான நேரத்தில் கலந்துகொள்கிறேன்" என்றும், எங்களுக்கு எழுதியதிலும் அதே வரியையே எழுதியிருந்தார். இருவரும் "சரி" என்று பதில் போட்டோம். துறைத் தலைவர் காணொளியில் அவரோடு பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நாங்கள் வரவேற்பறையில் காத்திருந்துவிட்டு அவர் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதினோம். தவறு எங்கள் பக்கம். இழப்பு அவர் பக்கம். அந்தக் குறிப்பைத் திருத்த எனக்கு மூன்று நாள் ஆனது, அதற்குள் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது. அன்று முதல் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: இருவருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல், இருவர் பெயரும் பெறுநர் வரிசையில் வெளிப்படையாக.

அதை எப்படி அனுப்புவது என்றால், மனிதவள அதிகாரியின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதத் தொடங்கி, மானேஜரின் முகவரியைப் பெறுநர் வரிசையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். தலைப்பை மாற்ற வேண்டாம்; பழைய தலைப்பு இருந்தால்தான் அவர்கள் அலுவலகத்தில் எல்லாம் ஒரே இழையில் கோத்துக் கிடக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பதில் எழுதும்போது பழைய கடிதம் அடியில் ஒட்டிக்கொண்டே போகும். அதில் எதிர்பார்க்கும் சம்பளத்தைப் பற்றியோ, அடையாள அட்டை எண்ணைப் பற்றியோ ஏதாவது வரி இருந்தால், அது மானேஜரின் கண்ணிலும் படும். அப்படி ஏதும் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். அதே காரணத்தால், மானேஜர் உங்களுக்கு எழுதியதை அப்படியே மனிதவளப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். ஒருவர் எழுதியதை மற்றவரிடம் சாட்சியாகக் காட்டுவது போல அது தோன்றும். நாளும் நேரமும் மட்டும் உங்கள் சொல்லில் வந்தால் போதும்.

கடிதத்தின் சாரம் இப்படி இருக்கலாம். அவர்கள் மலாயில் எழுதியிருந்தால் மலாயிலும், ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஆங்கிலத்திலும் இதை ஆக்கிக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு மொழியிலும் மற்றவர் வேறு மொழியிலும் எழுதியிருந்தால், மனிதவளப் பிரிவின் மொழியைப் பின்பற்றுங்கள்.

"மதிப்பிற்குரிய புவான், மதிப்பிற்குரிய துவான், வணக்கம். தோட்ட அலுவலகக் கிராணி பணிக்கான நேர்முகத்துக்கு என்னை அழைத்தமைக்கு இருவருக்கும் நன்றி. வரும் புதன்கிழமைக்கு எனக்கு இரண்டு அழைப்புகள் கிடைத்துள்ளன. காலை 10.00 மணிக்கு ஈப்போ அலுவலகத்தில் நேரில் வருவதற்கான அழைப்பு திங்கட்கிழமை கிடைத்தது. காலை 10.30 மணிக்குக் காணொளியில் கலந்துகொள்வதற்கான அழைப்பு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இவை ஒரே நேர்முகத்தைச் சேர்ந்தவையா, இரண்டு தனி நேர்முகங்களா என்பதை உறுதிப்படுத்தும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே நேர்முகமாயின், காலை 10.00 மணிக்கு ஈப்போ அலுவலகத்தில் இருப்பேன். துவான் காணொளி வழியாக அங்கே இணைவதாக இருந்தால் அதற்கும் ஆயத்தமாக வருவேன். காணொளியில் மட்டும் நடைபெறுவதாக இருந்தால் 10.30 மணிக்கு இணைந்துகொள்கிறேன். இரண்டு தனி நேர்முகங்களாயின், ஈப்போ நேர்முகத்துக்குப் பிறகு அதே நாள் பிற்பகல் 2.30 மணி முதல் எந்த நேரத்திலும் காணொளியில் கலந்துகொள்ள எனக்கு இயலும்.

விடுப்புக்கும் பயணத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியிருப்பதால், திங்கட்கிழமை நண்பகலுக்குள் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும். என்னை இந்தக் கைப்பேசி எண்ணிலும் அழைக்கலாம்."

இதில் 'குழப்பம்', 'முரண்பாடு', 'தவறுதலாக', 'மாற்றிவிட்டீர்கள்' ஆகிய சொற்களுள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு நேரங்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டாலே, படிப்பவருக்கு நிலைமை தானாகப் புரிந்துவிடும். யார் பிசகினார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. எந்த அழைப்பு எந்த நாளில் வந்தது என்று எழுதியிருப்பதும் அதற்காகத்தான். பிந்தியது எது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும், ஆனால் பிந்தியதுதான் செல்லும் என்று நீங்கள் முடிவு கட்டியதாக ஆகாது. அடுத்து, மூன்று நிலைமைகளுக்கும் உங்கள் பதில் என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அவர்கள் "ஒரே நேர்முகம், ஈப்போ" என்று ஒரு வரி எழுதினாலே காரியம் முடிந்துவிடும். "எந்த நேரம் என்று தெரிவிக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தால், அவர்கள் தங்களுக்குள் பேசி, உங்கள் வசதியைக் கேட்டு, மறுபடி எழுத வேண்டியிருக்கும். வேலை மிகுந்த அலுவலகத்தில் அப்படிப்பட்ட கடிதம்தான் நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒதுக்கப்படுகிறது.

பிற்பகல் 2.30 என்று நான் எழுதியதற்கும் கணக்கு உண்டு. ஈப்போ நேர்முகம் 11.30 வரை நீண்டாலும், சுங்கை சிப்புட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் திரும்பி வந்து, முகம் கழுவி, திரைக்கு முன் அமைதியாக அமர்வதற்கு அந்த நேரம் போதும். உங்கள் வீட்டில் இணைய இணைப்பு தடுமாறும் என்றால், ஊருக்குத் திரும்பாமல் ஈப்போவிலேயே உறவினர் வீடு ஒன்றில் இருந்து கலந்துகொள்வதாக இப்போதே திட்டமிடுங்கள்.

கெடுவாகத் திங்கட்கிழமை நண்பகலைக் குறித்ததற்குக் காரணம், நாள்களின் கணக்கு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பேராக்கில் சனியும் ஞாயிறும். மானேஜரின் தோட்ட அலுவலகம் கெடா மாநில வழக்கத்தைப் பின்பற்றினால், இன்று புதன்கிழமையைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது, நேர்முகத்துக்கு முன் இரண்டு அலுவலகங்களும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நாள்கள் வியாழன், திங்கள், செவ்வாய் ஆகிய மூன்றே. வெள்ளிக்கிழமை அனுப்பினால் மனிதவள அதிகாரி படிப்பார், மானேஜரிடம் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை மானேஜர் படிப்பார், மனிதவள அலுவலகம் பூட்டியிருக்கும். எனவே இந்தப் பதிலைப் படித்தவுடன், இன்று இரவே எழுதி அனுப்பிவிடுங்கள். நாளை வியாழக்கிழமை காலையில் அது இருவர் மேசையிலும் முதலில் இருக்கும். வெளியூர் நேர்முகம் என்றாலே இரு மாநிலங்களின் விடுமுறை நாள்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

பதில் எப்படி வரும் என்பதையும் பார்ப்போம். மனிதவள அதிகாரி இருவருக்கும் தெரியும்படி தெளிவாக எழுதிவிட்டால், அதே இழையில் Reply all கொடுத்து, "உறுதிப்படுத்தியமைக்கு நன்றி, புதன்கிழமை காலை 10.00 மணிக்கு ஈப்போ அலுவலகத்துக்கு வருகிறேன்" என்று நாளையும் நேரத்தையும் இடத்தையும் மறுபடி எழுதி அனுப்புங்கள், வெறுமனே "சரி" என்று எழுத வேண்டாம். அதன் பிறகு செல்லும் அழைப்பில் Yes அழுத்தி, செல்லாத அழைப்பை உங்கள் நாட்காட்டியில் இருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அன்று காலை ஈப்போவில் இருக்கும்போது தவறான நினைவூட்டல் ஒலித்து உங்களைப் பதற வைக்கும்.

சிக்கலான பதில் வேறொன்று. மானேஜர் மட்டும், உங்களுக்கு மட்டும், "ஓகே, 10.30-க்குச் சந்திப்போம்" என்று எழுதிவிடுவார். இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் ஈப்போவுக்கு வர வேண்டுமா என்பதற்கு அதில் விடை இல்லை. ஈப்போவில் இருந்து திரையில் சந்திப்பதையும் அவர் அதே சொற்களில்தான் எழுதுவார். மனிதவள அதிகாரியின் முகவரியை மீண்டும் சேர்த்து, "நன்றி, துவான். அப்படியானால் நான் ஈப்போ அலுவலகத்துக்கு நேரில் வரத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஒரே ஒரு வரி கேளுங்கள். அவர் புலனத்தில் பதில் சொன்னாலும், தொலைபேசியில் சொன்னாலும், அதை அந்த மின்னஞ்சல் இழைக்குள் கொண்டுவந்து "இன்று காலை துவான் தொலைபேசியில் தெரிவித்தபடி" என்று எழுதி வையுங்கள். அந்த ஒரு வரி என் பழைய அலுவலகத்தில் எனக்குக் கிடைத்திருந்தால், அந்த இளைஞரின் பெயருக்கு எதிரே நாங்கள் தவறாக எழுதியிருக்க மாட்டோம்.

இருவரும் தத்தம் நேரத்தையே மறுபடி உறுதிசெய்து எழுதுவதும் நடக்கக்கூடியதே. அப்போது நீங்கள் நடுவராக இருக்க முயல வேண்டாம். இருவருக்கும் சேர்த்து, "இரண்டு நேரங்களுக்கும் நான் ஆயத்தமாக இருக்கிறேன், ஆனால் ஒரே வேளையில் இரண்டிலும் இருக்க இயலாததால், எதில் முதலில் கலந்துகொள்ள வேண்டும் என்பதைப் புவான் அறிவித்தால் அதன்படி நடந்துகொள்கிறேன்" என்று எழுதுங்கள். முடிவை யார் சொல்ல வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டுவிட்டதால், மற்றவர் அதைத் தம்மை அவமதித்ததாக எடுத்துக்கொள்ள இடமில்லை, அட்டவணை அந்த அதிகாரியின் பொறுப்பு என்பது மானேஜருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை நண்பகல்வரை எந்தப் பதிலும் வரவில்லையென்றால் தொலைபேசியை எடுங்கள். முதலில் மனிதவளப் பிரிவுக்கு, அலுவலக எண்ணுக்கு, பிற்பகல் 2 மணிக்கு மேல் அழையுங்கள். "புவான், வியாழக்கிழமை ஒரு மின்னஞ்சல் பார்த்திருப்பீர்கள், புதன்கிழமை நேர்முகம் ஒன்றா இரண்டா என்று மட்டும் தெரிந்துகொள்ள அழைத்தேன்" என்று சொன்னால் போதும், முழுக் கதையையும் தொலைபேசியில் சொல்லத் தொடங்க வேண்டாம். மானேஜரை அழைக்க நேர்ந்தால், அதிகாலையில் பெரட்டு, பிறகு தோட்டத்தைச் சுற்றி வருவது என்று காலை முழுவதும் அவர் வெளியில் இருக்கக்கூடும் என்பதால், அலுவலகத்துக்குத் திரும்பியிருக்கும் வேளையை அங்குள்ள கிராணியிடம் கேட்டுவிட்டு அழையுங்கள். அந்தக் கிராணியிடம் நீங்கள் பேசும் விதமும் கவனிக்கப்படும். நாளை உங்கள் பக்கத்து மேசைக்காரர் அவராகவே இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மாலைவரையிலும் ஒருவரையும் பிடிக்க முடியாமல் போனால், ஈப்போவுக்குப் போங்கள். மனிதவள அதிகாரி உயர்ந்தவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஈப்போவில் இருந்தபடியே கைப்பேசியில் காணொளிக்குள் நுழையலாம். சுங்கை சிப்புட் வீட்டில் இருந்தபடி ஈப்போ வரவேற்பறையில் நிற்க முடியாது. அன்று இரவே இருவருக்கும், "மறு தகவல் கிடைக்காததால், நாளை காலை 9.45-க்கு ஈப்போ அலுவலகத்தில் இருப்பேன், துவான் 10.30-க்கு இணைய விரும்பினால் அங்கிருந்தே என் கைப்பேசி வழியாகவும் கலந்துகொள்ள ஆயத்தமாக இருக்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். கைப்பேசியை முழுதாக மின்னேற்றி, இணையத் தரவு இருக்கிறதா என்று பார்த்து, காதொலிக் கருவியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அழைப்புகளையும் உங்கள் கடிதத்தையும் அச்செடுத்து உறையில் வைத்துக்கொண்டு, வரவேற்பறையில் பெயரைப் பதியும்போதே, "10.30-க்கு மானேஜரோடு காணொளி அழைப்பும் இருக்கிறது. இதை அதிகாரியிடம் இப்போதே சொல்ல முடியுமா?" என்று தாளைக் காட்டிக் கேளுங்கள். மனிதவள அதிகாரி நேர்முகத்தைத் தொடங்குவதற்கு முன்பே அது அவர் காதுக்குப் போய்விட்டால், 10.30-க்கு மானேஜரைக் காத்திருக்கச் சொல்வதா, உங்களை நடுவில் விடுவிப்பதா என்பதை அதிகாரியே மானேஜரிடம் பேசிக்கொள்வார்.